சிறுகதையை அனுப்புவதற்கு முன்: பத்தி, உரையாடல் குறி, காலம் மூன்றையும் சீராக்கும் வரிசை

என்னுடைய முதல் சிறுகதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதினொரு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "யார் பேசுகிறார்கள், எப்போது நடக்கிறது என்பது தெளிவாக இல்லை." கதை பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பதில் என்னை உறுத்தியது. கதையைத் திறந்து அவர்களுடைய கண்ணால் படித்தேன். ஒரே பத்தியில் மூன்று பேர் பேசினார்கள். மேற்கோள் குறிகள் சில இடங்களில் திறந்து மூடாமல் கிடந்தன. "வந்தான்" என்று தொடங்கிய காட்சி "பார்க்கிறான்" என்று முடிந்தது.

சரிசெய்ய உட்கார்ந்தபோது வரிசை தெரியாமல் ஒரே வேலையை மூன்று முறை செய்தேன். காலத்தை முதலில் திருத்தினேன். பிறகு பத்தி பிரித்தபோது, கதைசொல்லியின் வாக்கியம் என்று நினைத்து நான் மாற்றியவற்றில் பாதி பாத்திரங்களின் பேச்சு என்று தெரிந்தது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் பத்தி, அடுத்து குறி, கடைசியில் காலம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இது கதையை மேம்படுத்தும் வழிகாட்டி அல்ல. எழுதி முடித்த, இனி நிகழ்ச்சிகளை மாற்றப்போவதில்லை என்று நீங்கள் முடிவுசெய்துவிட்ட படிக்கு மட்டுமே இது பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கதைக் கோப்பைப் பிரதி எடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள். மூலப் படியைத் தொடாதீர்கள். எனக்குப் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தது அப்படி ஒரு பிரதி இருந்ததால்தான்.

அனுப்பப்போகும் பத்திரிகையின் அண்மை இதழ் ஒன்று வேண்டும். அதில் வந்துள்ள ஒரு சிறுகதையின் இரண்டு பக்கங்களைக் கதைக்காகப் படிக்காமல் குறிகளுக்காகப் படியுங்கள். பேச்சுக்கு இரட்டை மேற்கோளா, ஒற்றை மேற்கோளா? "என்றான்" என்பதற்கு முன் காற்புள்ளி போடுகிறார்களா? மனத்துக்குள் ஓடும் நினைப்பை எப்படிக் காட்டுகிறார்கள்? காட்சி மாறும் இடத்தில் என்ன இருக்கிறது? நான்கு கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி மேசை மேல் வையுங்கள். தமிழில் எல்லா அச்சகங்களும் ஒப்புக்கொண்ட ஒரே முறை இல்லை. ஆகவே எது சரி என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதையே பின்பற்றினால் போதும்.

செலவு மிகக் குறைவு. நான் பயன்படுத்துவது லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், இலவசம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவும் இலவசம். ஒரு முறை தாளில் அச்செடுக்க வேண்டும். ஒன்பது பக்கக் கதை என்றால் நகல் கடையில் ஒரு தேநீர், வடை செலவுக்குள் முடிந்துவிடும்.

நேரம்தான் உண்மையான செலவு. ஏறத்தாழ 1,800 சொல் உள்ள என் கதைக்கு நான்கு மாலைகள் ஆயின. பத்திக்கு ஒன்று, குறிக்கு ஒன்று, காலத்துக்கு இரண்டு. அதன் பிறகு இரண்டு நாள் இடைவெளி, பிறகு தாளில் ஒரு வாசிப்பு. கடைசித் தேதி இருக்கும் போட்டி என்றால் பத்து நாள் முன்பே தொடங்குங்கள்.

2. எடுத்துக்காட்டுக்கு ஒரு பத்தி

என் கதையிலிருந்து ஒரு பகுதியை அன்று இருந்தபடியே தருகிறேன். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதன் மேல்தான் செய்து காட்டப்போகிறேன்.

> முருகேசன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "சாப்பிட்டாயா." என்று கேட்டாள் "இல்லை அக்கா பசிக்கவில்லை பத்திரம் எங்கே"? என்றான். அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். எந்தப் பத்திரம்? வீட்டுப் பத்திரம்தான் என்றான் அவன். அக்காவுக்கு எல்லாம் தெரியும். நேற்றே அதை எடுத்து அப்பாவின் தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அப்பா இருந்தவரை அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். சனிக்கிழமைதோறும் அவரே திறந்து துடைப்பார். "எனக்குத் தெரியாதே" என்கிறாள். முருகேசன் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். மழை வரும்போல் இருக்கிறது.

என் கதையில் பாத்திரங்கள் எழுத்துத் தமிழிலேயே பேசுகிறார்கள். உங்கள் பாத்திரங்கள் வட்டார வழக்கில் பேசினாலும் குறிகளும் பத்திகளும் இவையேதான்.

3. முதல் மாலை: பத்தி பிரித்தல்

பேசுபவர் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய பத்தி. இந்த விதி எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது அடுத்த விதியில்தான்: ஒருவர் செய்யும் செயல் அவருடைய பேச்சோடு ஒரே பத்தியில் இருக்க வேண்டும்.

மேலே உள்ள பகுதியில் "அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள்" என்ற வாக்கியம் முருகேசனின் பேச்சுக்கு அடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து வரும் "எந்தப் பத்திரம்?" என்ற கேள்வி யாருடையது என்று வாசகர் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. செயலைப் பேச்சோடு சேர்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்:

> அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். “எந்தப் பத்திரம்?”

"என்று அக்கா கேட்டாள்" என்று எழுதவே வேண்டியதில்லை. கீரையை ஒதுக்கியவள்தான் கேட்டாள் என்பதைப் பத்தியே சொல்லிவிடுகிறது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இன்னொரு சிக்கல் உண்டு. "என்றான்", "என்றாள்" எல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான் வருகின்றன. பேச்சு ஆறு வரி நீண்டால், ஆறு வரியும் யாருடைய குரல் என்று தெரியாமலே வாசகர் படிக்கிறார். நீண்ட பேச்சுக்கு முன்னால் பேசுபவரின் ஒரு சிறு செயலை வையுங்கள். "முருகேசன் தூணில் சாய்ந்தான்" என்ற மூன்று சொல் போதும். அதன் பிறகு அவன் எவ்வளவு பேசினாலும் குழப்பம் இல்லை.

இதே மொழி நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. ஆணும் பெண்ணும் பேசும் காட்சியில் வினைமுற்றின் விகுதியே பேசுபவரைக் காட்டிவிடும், பெயர் தேவையில்லை. இரண்டு பெண்கள் பேசும் காட்சியில் அந்த உதவி கிடையாது. அங்கே "என்றாள்", "என்றாள்" என்று அடுக்கிக்கொண்டு போனால் நான்காவது வரியில் வாசகர் வழி தவறிவிடுவார். நான்கைந்து வரிக்கு ஒரு முறை பெயரையோ உறவுச் சொல்லையோ கொண்டுவாருங்கள். "அக்கா", "அத்தை", "மதினி" என்று பேச்சுக்குள்ளேயே வரும் விளி இதற்கு மிக இயல்பான வழி. ஒருவர் மற்றவரை எப்படி அழைக்கிறார் என்பதிலேயே யார் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

கணினியில் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பில் தேவையற்ற வெற்றுப் பத்திகள் நிறைய இருக்கும். அவற்றை ஒரே அடியாக நீக்க, `Ctrl+H` அழுத்தி, `Regular expressions` என்பதைத் தேர்ந்து, தேடும் கட்டத்தில் கீழே உள்ளதை இட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றலாம்.

```
^$
```

ஆனால் காட்சி மாறுவதைக் காட்ட நீங்கள் விட்ட வெற்று வரிகளும் இதில் சேர்ந்து போய்விடும். திண்ணையில் நடந்த காட்சியும் மறுநாள் பதிவு அலுவலகக் காட்சியும் ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே இதைச் செய்வதற்கு முன்பே, காட்சி மாறும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று உடுக்குறிகளை (\*\*\*) இட்டுவிடுங்கள். பத்திரிகையின் வடிவமைப்பாளருக்கும் அதுவே வசதி. வெற்று வரி பக்கத்தின் அடியில் விழுந்தால் அச்சில் காணாமல் போகும், உடுக்குறி போகாது.

4. இரண்டாம் மாலை: உரையாடல் குறிகள்

பத்தி பிரிந்த பிறகு குறிகளைப் பார்ப்பது எளிது. ஒவ்வொரு பேச்சும் தனியே நிற்கும். ஒரு பத்தியில் நேர்ந்த பிழை அடுத்த பத்திக்குப் பரவாது.

முதல் வேலை, நேர்க்குறிகளை வளைந்த குறிகளாக மாற்றுவது. திறக்கும் குறியும் மூடும் குறியும் வேறு வேறு வடிவில் இருந்தால்தான் எங்கே மூடவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். அதே தேடல் பெட்டியில் இதை இடுங்கள்:

```
தேட:    "([^"]*)"
மாற்ற:  “$1”
```

ஒரு பத்திக்குள் இணையாக இருக்கும் குறிகள் எல்லாம் மாறிவிடும். பிறகு வெறும் நேர்க்குறியை மட்டும் தேடுங்கள். இன்னும் எஞ்சியிருப்பவை எல்லாம் இணை இல்லாதவை. திறந்து மூடாத இடங்கள், அல்லது திறக்காமல் மூடிய இடங்கள். என் கதையில் இப்படி ஏழு அகப்பட்டன. வெறும் கண்ணால் மூன்று முறை படித்தும் அவற்றை நான் பார்த்திருக்கவில்லை. இந்த வேலையைப் பத்தி பிரிப்பதற்கு முன் செய்திருந்தால், ஒரே ஒரு குறி விடுபட்டதால் அந்தப் பெரிய பத்தி முழுவதும் திறப்பும் மூடலும் தலைகீழாகியிருக்கும்.

பேச்சு ஒரு பத்தியில் முடியாமல் அடுத்த பத்திக்கும் நீண்டால், ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி வரும். மூடும் குறி பேச்சு முழுவதும் முடியும் இடத்தில் மட்டுமே. இந்த ஓர் இடத்தில்தான் இணை இல்லாத குறி சரியானது.

அடுத்தது நிறுத்தக்குறி எங்கே விழ வேண்டும் என்பது. இதில் நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேச்சுக்குச் சொந்தமானவை. ஆகவே மூடும் குறிக்கு உள்ளே வரும். “பத்திரம் எங்கே?” என்றான். என் படியில் இருந்ததுபோல் மூடிய பிறகு கேள்விக்குறி வந்தால், கேட்பது கதைசொல்லி என்றாகிவிடும். அப்படி உண்மையிலேயே கதையில் வரும் இடம் ஒன்றுண்டு: “வரமாட்டேன்” என்றா சொன்னான்? இங்கே கேள்வி பேச்சுக்கு வெளியே இருக்கிறது, குறியும் வெளியே இருக்கிறது. இதையே ஒரு பாத்திரம் கேட்டால், உள்ளே ஒற்றை மேற்கோள் வரும்: “‘வரமாட்டேன்’ என்றா சொன்னான்?”

முற்றுப்புள்ளி வேறு மாதிரி. “எனக்குத் தெரியாதே” என்றாள் என்பது ஒரே வாக்கியம். பேச்சு அதன் நடுவில் இருக்கிறது. நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டு, "என்றாள்" என்ற சொல் அநாதையாகிவிடும். எனவே "என்றாள்" தொடர்ந்தால் பேச்சின் கடைசி முற்றுப்புள்ளியை விட்டுவிடுகிறேன். பேச்சுக்குள் பல வாக்கியங்கள் இருந்தால் முந்தைய வாக்கியங்களுக்குப் புள்ளி உண்டு: “வேண்டாம். நான் பிறகு வருகிறேன்” என்றான். "என்றான்" இல்லாமல் பேச்சு தனியே நின்றால் கடைசிப் புள்ளியும் உள்ளே வரும்: “வேண்டாம். நான் பிறகு வருகிறேன்.” சில இதழ்கள் "என்றான்" முன் காற்புள்ளி போடுகின்றன. நீங்கள் எழுதிவைத்த தாளில் அப்படி இருந்தால் அதையே செய்யுங்கள்.

தவறு இருக்கக்கூடிய இடங்களை இந்த இரண்டு தேடல்கள் காட்டும்:

```
”[?!.,]
\.” எ
```

முதலாவது, மூடிய குறிக்கு வெளியே விழுந்த நிறுத்தக்குறிகளைக் காட்டும். இரண்டாவது, முற்றுப்புள்ளிக்குப் பிறகு "என்றான்" வரும் இடங்களைக் காட்டும். கூடவே, “போகிறேன்.” எழுந்து நின்றான் போன்ற இடங்களையும் காட்டும். அங்கே புள்ளி சரியானது, ஏனென்றால் எழுந்து நிற்பது தனி வாக்கியம். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், மொத்தமாக மாற்றக்கூடாது.

“சாப்பிட்டாயா” என்பதற்கு வருவோம். என் படியில் முற்றுப்புள்ளி இருந்தது. பின்னால் "கேட்டாள்" என்று வருகிறதே என்று கேள்விக்குறியை விட்டுவிட்டேன். "கேட்டாள்" என்பது கதைசொல்லி சொல்வது. பேச்சைப் படிக்கும்போதே குரல் மேலே போக வேண்டும் என்றால் குறி பேச்சிலேயே இருக்க வேண்டும். “சாப்பிட்டாயா?” என்று கேட்டாள்.

சலிப்புத் தட்டாமல் இருக்க "என்று" என்பதைச் சில இடங்களில் "என" என்று மாற்றுவோம். அப்போது ஒற்றை மறந்துவிடாதீர்கள். "என்று கேட்டாள்" என்பதில் வல்லினம் மிகாது. "எனக் கேட்டாள்" என்பதில் மிகும். நடுவில் சொல்லை மாற்றும்போது பெரும்பாலும் விடுபடுவது இந்த ஒற்றுதான்.

நேர்க்கூற்றும் அயற்கூற்றும் கலப்பது இந்த மாலையின் கடைசிப் பொறி. “தான் மறுநாள் வருவதாக” என்றான் என்று என் கதையில் ஓர் இடம் இருந்தது. மேற்கோளுக்குள் அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் மட்டுமே இருக்கலாம். எந்த மனிதனும் தன்னைப் பற்றி "தான் மறுநாள் வருவதாக" என்று சொல்வதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். “நான் நாளை வருகிறேன்” என்றான். அல்லது குறிகளை எடுத்துவிட்டு: தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்.

நினைப்புக்கு நான் குறி போடுவதில்லை. ஆனால் சொல்வரிசையைக் கவனிக்கிறேன். "முருகேசன் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான்" என்பதில் எழுவாயும் வினையும் இடித்துக்கொள்கின்றன. முருகேசன் பொய் சொல்கிறாளா என்று ஒரு கணம் வாசகர் திகைப்பார். "பொய் சொல்கிறாள் என்று நினைத்தான் முருகேசன்" என்று எழுவாயைக் கடைசிக்கு அனுப்பினால், எந்தக் குறியும் இல்லாமலே தெளிந்துவிடுகிறது.

5. மூன்றாம், நான்காம் மாலை: காலம்

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். முதல் இரண்டு பக்கங்களில் கதைசொல்லியின் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு எண்ணுங்கள். எது மிகுதியோ அதுவே பெரும்பாலும் உங்கள் கதையின் இயல்பான காலம். என் கதையில் இறந்தகாலம்தான் மிகுதி. கடைசிக் காட்சியும் அதில்தான் இருந்தது.

பிறகு தேடல். நிகழ்கால வினைகளை இப்படிப் பிடிக்கலாம்:

```
(கிறான்|கிறாள்|கிறார்|கிறது|கிறேன்|கின்றன)
```

`Find All` அழுத்தினால் எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் நிறம் மாறித் தெரியும். இங்கேதான் பெரிய எச்சரிக்கை: "கிறான்" என்பதை மொத்தமாக வேறொன்றாக மாற்ற முயலாதீர்கள். "போகிறான்" என்பது "போனான்" ஆகும், "வருகிறான்" என்பது "வந்தான்" ஆகும், "கேட்கிறான்" என்பது "கேட்டான்" ஆகும். ஒவ்வொரு வினையும் இறந்தகாலத்துக்குத் தன் வழியில் போகிறது. கையால்தான் மாற்ற வேண்டும்.

நிறம் மாறியவற்றில் மூன்று வகை இருக்கும். மேற்கோளுக்குள் இருப்பவற்றைத் தொடாதீர்கள். பாத்திரம் பேசும்போது அதன் காலம் அதற்கு. அடுத்து, "என்று" என்பதற்கு முன்னால் இருப்பவை. "பொய் சொல்கிறாள் என்று நினைத்தான்" என்பதில் உள்ள "சொல்கிறாள்" சரியானது. நினைத்த கணத்தில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். "பொய் சொன்னாள் என்று நினைத்தான்" என்று மாற்றினால் முன்பு எப்போதோ சொன்ன பொய் என்று பொருள் மாறிவிடும். நான் முதல் முறை திருத்தியபோது இந்த வகையைத்தான் அதிகம் கெடுத்தேன். மூன்றாவது வகை மட்டுமே உண்மையான பிழை. "ஆய்ந்துகொண்டிருக்கிறாள்", "என்கிறாள்", "மழை வரும்போல் இருக்கிறது" மூன்றும் கதைசொல்லியின் வினைகள். "ஆய்ந்துகொண்டிருந்தாள்", "என்றாள்", "இருந்தது" என்று மாற வேண்டும்.

தேடலில் அகப்படாதவை இன்னும் முக்கியம்.

ஒன்று, வழக்கத்தைச் சொல்லும் எதிர்கால வடிவம். "சனிக்கிழமைதோறும் அவரே திறந்து துடைப்பார்" என்பது இறந்தகாலக் கதையில் தவறல்ல. பழைய நாளின் வழக்கத்தைத் தமிழ் இப்படித்தான் சொல்கிறது. இதைத் "துடைத்தார்" என்று திருத்தினால் வழக்கம் என்ற உணர்வு வடிந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு முளை வேண்டும். "அப்பா இருந்தவரை" என்பது என் பத்தியில் அந்த முளை. அது இல்லாமல் திடீரென்று "துடைப்பார்" என்று வந்தால் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வாசகர் எண்ணக்கூடும்.

இரண்டு, காலம் காட்டாத வினைகள். தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியும், இல்லை. இவற்றைப் பார்த்ததும் மாற்ற வேண்டும் என்று கை துறுதுறுக்கும். "அக்காவுக்கு எல்லாம் தெரியும்" என்பதை நான் "தெரிந்திருந்தது" என்று மாற்றிப் பார்த்தேன். வாக்கியம் கனத்துப்போனது. திரும்பப் "தெரியும்" என்றே வைத்தேன், எந்த இடறலும் இல்லை. "வேண்டும்" அப்படி அல்ல. "அவன் மூன்று மணிக்குள் போக வேண்டும்" என்பது இறந்தகாலக் கதையில் கட்டளைபோல ஒலிக்கும், "போக வேண்டியிருந்தது" என்பது நன்றாக அமரும். இந்த ஐந்து சொற்களையும் தனித்தனியாகத் தேடி, வாய்விட்டுப் படித்து முடிவுசெய்யுங்கள். இதற்கு விதி சொல்ல என்னால் முடியவில்லை. காதுதான் சொல்கிறது.

மூன்று, நேற்று, நாளை, இன்று. கதைசொல்லியின் வாக்கியத்தில் "நேற்றே அதை எடுத்து" என்று வந்தால் யாருடைய நேற்று என்ற கேள்வி எழும். "முந்தைய நாளே" என்று மாற்றினேன். "நாளை" என்பது "மறுநாள்", "இன்று" என்பது "அன்று". "இப்போது" என்பதற்கு மட்டும் சலுகை உண்டு. "இப்போது அவனுக்குப் புரிந்தது" என்று நல்ல எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள், அது உறுத்துவதில்லை.

அடுத்தது நினைவுக் காட்சி. கதையே இறந்தகாலத்தில் இருக்கும்போது அதற்கும் முந்தையதை எப்படிச் சொல்வது? "வைத்துவிட்டாள்" என்றால் இப்போதுதான் வைத்தாள் என்று தோன்றும். "வைத்திருந்தாள்" என்றால் முன்பே நடந்தது என்று புரியும். ஆனால் நினைவு ஒரு பக்கம் நீண்டால் ஒவ்வொரு வாக்கியத்தையும் "இருந்தான்", "இருந்தாள்" என்று முடிக்க வேண்டியதில்லை. முதல் வாக்கியத்தில் மட்டும் போதும்:

> அந்தப் பெட்டியை அப்பா மதுரையில் வாங்கியிருந்தார். பஸ்ஸின் கூரையில் ஏற்ற நடத்துநர் மறுத்தார். வழி முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது.
>
> கீரைத் தண்டு ஒடியும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது, முன்பு விட்டுவந்த காட்சியிலிருந்து ஒரு பொருளையோ ஒலியையோ கையில் எடுங்கள். கீரைத் தண்டு ஒடிந்ததும் வாசகர் முற்றத்துக்கு வந்துவிடுகிறார். "மீண்டும் நிகழ்காலத்துக்கு வந்தான்" என்று எழுத வேண்டியதில்லை.

வேண்டுமென்றே ஒரு காட்சியை நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். ஆனால் முழுக் காட்சியும் அப்படியே இருக்கட்டும், முன்னும் பின்னும் உடுக்குறி இருக்கட்டும். ஒரு பத்திக்குள் இரண்டு முறை மாறினால் அதைப் பிழை என்றுதான் ஆசிரியர் எடுத்துக்கொள்வார்.

6. திருத்திய பிறகு

> முருகேசன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
>
> “சாப்பிட்டாயா?” என்று கேட்டாள்.
>
> “இல்லை அக்கா, பசிக்கவில்லை. பத்திரம் எங்கே?”
>
> அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். “எந்தப் பத்திரம்?”
>
> “வீட்டுப் பத்திரம்தான்” என்றான் அவன்.
>
> அக்காவுக்கு எல்லாம் தெரியும். முந்தைய நாளே அதை எடுத்து அப்பாவின் தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தாள். அப்பா இருந்தவரை அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். சனிக்கிழமைதோறும் அவரே திறந்து துடைப்பார்.
>
> “எனக்குத் தெரியாதே” என்றாள்.
>
> பொய் சொல்கிறாள் என்று நினைத்தான் முருகேசன்.
>
> மழை வரும்போல் இருந்தது.

மழையைத் தனிப் பத்தியாக்கியது என் முடிவு. நினைப்போடு ஒட்டியிருந்தபோது அதுவும் முருகேசனின் எண்ணம்போல் இருந்தது. நிகழ்ச்சி எதையும் நான் மாற்றவில்லை, புதிய வாக்கியம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

7. தாளில் ஒரு வாசிப்பு

இரண்டு நாள் விட்டு, அகன்ற வரி இடைவெளியில் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். கதைசொல்லியின் பகுதிகளை நீங்கள் படியுங்கள், பேச்சுகளை வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு என் தங்கை படித்தாள். அவள் தவறான இடத்தில் தொடங்கினாலோ, "இது யார் பேச்சு?" என்று கேட்டாலோ விளக்கம் சொல்லாமல் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். ஐந்து கோடுகள் விழுந்தன. ஐந்தும் பத்திப் பிழைகள்தாம்.

8. அனுப்பும்போது

யூனிகோடில், தொகுக்கக்கூடிய கோப்பாக அனுப்புங்கள். அவர்கள் கேட்டாலொழிய பிடிஎஃப் வேண்டாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறுவது அடிக்கடி நடப்பது. நீங்கள் நான்கு மாலை செலவிட்டுச் சீராக்கியது அங்கே கலைந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மேலே சொன்ன எல்லாவற்றையும் தொடங்க வேண்டும். பாமினியில் அரைப்புள்ளிச் சாவிதான் மெய்யெழுத்தின் புள்ளி. குறிகளும் எழுத்துகளும் அப்படிக் கலந்திருப்பதால் மாற்றத்தில் நிறுத்தக்குறிகள்தாம் முதலில் அடிபடும்.

கதையோடு வேண்டியவை: பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ள ஒரு சிறு கடிதம். கதை சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழி. சில இதழ்கள் தன்குறிப்பும் ஒளிப்படமும் கேட்கும். போட்டி என்றால் கதைக் கோப்புக்குள் பெயர் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை வரலாம், பக்கத் தலைப்பிலும் பாருங்கள்.

சொல் வரம்பு இருந்தால் கடைசியில் எண்ணுங்கள். "சாய்த்து விட்டு" என்று பிரித்தால் இரண்டு சொல், "சாய்த்துவிட்டு" என்று சேர்த்தால் ஒன்று. துணைவினைகளை ஒரே சீராகச் சேர்த்து எழுதிய பிறகு என் கதை எண்பது சொல் குறைந்து வரம்புக்குள் வந்துவிட்டது.

அனுப்பிய தேதியையும், அனுப்பிய அதே கோப்பையும் தனிக் கோப்புறையில் வையுங்கள். எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று இதழின் அறிவிப்பில் இருந்தால் அந்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அது கடந்த பின் ஒரு முறை கேட்டு எழுதலாம். பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த இதழின் குறிமுறையைப் பார்க்க அதன் அண்மைப் பிரதியை வாங்குங்கள்.